மின் ஸ்கூட்டரா, பெட்ரோல் ஸ்கூட்டரா? ஓர் ஐந்தாண்டுக் கணக்கு

மின் ஸ்கூட்டர் ஷோரூமுக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிடத்தில் காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: "கிலோமீட்டருக்கு இருபத்தைஞ்சு பைசாதான் சார் ஆகும்." அதில் பொய் ஒன்றும் இல்லை. பெட்ரோல் ஸ்கூட்டருக்கு அதே கிலோமீட்டருக்கு இரண்டேகால் ரூபாய் ஆகிறது என்பதும் உண்மைதான். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் முழுசாக 2 ரூபாய் மிச்சம். வாங்க வந்தவர் மனத்தில் உடனே ஒரு பெருக்கல் ஓடும். அந்தப் பெருக்கலை நம்பி கையெழுத்துப் போடுவதில்தான் சிக்கல். ஏனென்றால் எரிபொருள் என்பது வண்டிச் செலவில் ஒரு பங்குதான். தவிர, அந்த 25 பைசா எல்லார் வீட்டிலும் 25 பைசாவாக இருப்பதில்லை.

பொதுப்படையாகப் பேசாமல் ஓர் ஆளை எடுத்துக்கொள்வோம். தாம்பரம் பக்கம் வீடு, கிண்டியில் வேலை. போகவர 30 கிலோமீட்டர். வருடத்தில் 300 நாள் வண்டி ஓடுகிறது. ஆக ஆண்டுக்கு 9,000 கிலோமீட்டர், ஐந்தாண்டில் 45,000. சென்னையில் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிற பலருடைய ஓட்டம் ஏறக்குறைய இதுதான்.

முதலில் பெட்ரோல் வண்டி. 110 சிசி ஸ்கூட்டர் ஒன்று நகர நெரிசலில் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால் நல்ல வண்டி. விளம்பரத்தில் இன்னும் கூடுதலாகச் சொல்வார்கள். அது சிக்னலே இல்லாத சாலையில், ஒரே வேகத்தில் ஓட்டினால் வருவது. நம் ஆளுக்கு ஐந்தாண்டில் சரியாக 1,000 லிட்டர் தேவை. லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் 1,01,000 ரூபாய். கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 24 பைசா. ஐந்தாண்டும் விலை இப்படியே நிற்குமா என்று கேட்டால், யாராலும் சொல்ல முடியாது. கரண்ட் கட்டணமும் அப்படித்தான். அதனால் இரண்டையும் இன்றைய விலையிலேயே நிறுத்திவைத்துக் கணக்குப் போடுவதுதான் நியாயம்.

இனி மின் ஸ்கூட்டர். இதன் மைலேஜை யூனிட்டில் அளக்க வேண்டும். ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட்-அவர். வண்டியின் திரை கிலோமீட்டருக்கு 30 வாட்-அவர், 35 வாட்-அவர் என்று காட்டும். அது பேட்டரியிலிருந்து வெளியே போனதன் அளவு. நாம் காசு கொடுப்பதோ சுவரிலிருந்து உள்ளே போனதற்கு. சார்ஜரும் பேட்டரியும் சூடாவதில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்கு வழியிலேயே போய்விடும். இதையும் சேர்த்தால் நகர ஓட்டத்தில் கிலோமீட்டருக்கு 40 வாட்-அவர் என்று எடுத்துக்கொள்ளலாம். அதாவது ஒரு யூனிட்டுக்கு 25 கிலோமீட்டர்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரவு ஏ.சி. ஓடாத நேரமாகப் பார்த்து, சார்ஜ் போடும் முன்பும் முடிந்த பின்பும் ஈ.பி. மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜும் ஃபேனும் கொஞ்சம் சேரும். வண்டி இல்லாத ஓர் இரவில் அதே நேரத்துக்கு எடுத்த ரீடிங்கைக் கழித்துவிட்டால் போதும். கடைசியாக முழு சார்ஜ் போட்டதிலிருந்து ஓடிய தூரத்தை அந்த யூனிட்டால் வகுத்தால் உங்கள் வண்டியின் உண்மையான மைலேஜ் வந்துவிடும். 20-க்குக் கீழே வந்தால் டயரில் காற்று இருக்கிறதா, பிரேக் உரசுகிறதா, எந்நேரமும் ஸ்போர்ட் மோடிலேயே ஓட்டுகிறோமா என்று பார்க்க வேண்டும்.

நம் ஆளுக்கு வருடத்துக்கு 360 யூனிட் வேண்டும். இரண்டு மாத பில் ஒன்றுக்கு 60 யூனிட். இந்த 60 யூனிட்டுக்கு என்ன விலை?

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஒருவர் மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து, "எனக்கு யூனிட் மூணேகால் ரூபாதான்" என்பார். இன்னொருவர் முதல் 100 யூனிட் இலவசம்தானே, வண்டி அதிலேயே ஓடிவிடும் என்பார். இரண்டும் தவறு. இலவச யூனிட்டை வண்டி வருவதற்கு முன்பே வீடு சாப்பிட்டுவிட்டது. வண்டி கேட்கும் மின்சாரம் எப்போதும் பில்லின் நுனியில்தான் போய் உட்காரும். அந்த நுனியின் விலைதான் வண்டியின் விலை.

தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்த வீட்டுக் கட்டணத்தில், அரசு மானியம் போக நாம் கட்டுவது இப்படி இருக்கிறது. முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100-க்கு யூனிட் 2.35 ரூபாய். 201-லிருந்து 400 வரை 4.70. 401-லிருந்து 500 வரை 6.30. பயன்பாடு 500-ஐத் தாண்டிவிட்டால் இரண்டு விஷயம் நடக்கும். தாண்டிய யூனிட்டுகளுக்கு 8.40 என்று விலை ஏறும். அதோடு, கீழே 2.35-க்குக் கிடைத்த அந்த 100 யூனிட்டுக்கும் 4.70 வாங்குவார்கள். ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் இந்த 235 ரூபாய் கூடுதலாக விழும்.

இப்போது மூன்று வீடுகளில் இதே ஸ்கூட்டரைச் சார்ஜ் போட்டுப் பார்ப்போம். முதல் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடுகிறது. வண்டி வந்ததும் 360 ஆகும். கூடுதல் செலவு 282 ரூபாய்; கிலோமீட்டருக்கு 19 பைசா. ஷோரூம்காரர் சொன்னதைவிடக் குறைவு! மூன்றாவது வீட்டில் ஏ.சி. இரண்டு, 700 யூனிட் ஓடுகிறது. அங்கே நுனி விலை 9.45. கிலோமீட்டருக்கு 38 பைசா.

நடுவில் இருக்கும் இரண்டாவது வீடுதான் சுவாரசியமானது. அங்கே 460 யூனிட் ஓடிக்கொண்டிருந்தது. பில் 1,553 ரூபாய். வண்டி வந்து 520 ஆனதும் பில் 2,208. அறுபது யூனிட்டுக்கு 655 ரூபாய்! யூனிட் ஏறக்குறைய 11 ரூபாய், கிலோமீட்டருக்கு 44 பைசா. இரண்டு ஏ.சி. ஓடும் வீட்டைவிட ஒரு ஏ.சி. வீட்டுக்காரருக்கு வண்டிச் செலவு அதிகம். இவர் அந்த இரண்டு மாதத்தில் எங்காவது 20 யூனிட்டைக் குறைத்து 500-க்குள் நிறுத்தியிருந்தால் பில் 1,805-ஓடு முடிந்திருக்கும். அந்தக் கடைசி 20 யூனிட் மட்டும் 403 ரூபாயை விழுங்கிவிட்டது. ஆபீஸில் சார்ஜ் போட இடம் கொடுத்தால் வாரத்தில் இரண்டு நாள் அங்கே போடுவது, ஏ.சி.யை ஒரு டிகிரி ஏற்றி வைப்பது என்று இதைச் சமாளிக்க வழி உண்டு. ஆனால் பிரச்சினை இருக்கிறது என்றே தெரியாதவர் எதைச் சமாளிப்பார்?

எப்படியும் 44 பைசா என்பது 2 ரூபாய் 24 பைசாவுக்கு முன்னால் ஒன்றும் இல்லை. கணக்கைக் கறாராக வைத்துக்கொள்ள, நம் தாம்பரத்துக்காரரை இந்த இரண்டாவது வீட்டிலேயே குடிவைப்போம். அவருடைய ஐந்தாண்டு மின்செலவு 19,650 ரூபாய். பெட்ரோலோடு ஒப்பிட்டால் 81 ஆயிரத்துக்கு மேல் மிச்சம். இதோடு நிறுத்திவிட்டால் விளம்பரம் ஜெயித்துவிடும். நிறுத்தாமல் மேலே போவோம்.

பராமரிப்பில் பெட்ரோல் வண்டிக்கு வேலை அதிகம். எஞ்சின் ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், இருபதாயிரம் கிலோமீட்டருக்குப் பக்கத்தில் ஒருமுறை டிரைவ் பெல்ட்டும் ரோலரும், பிறகு கிளட்ச் ஷூ என்று வரிசையாக வரும். மின் ஸ்கூட்டரில் இவற்றில் பெரும்பாலானவை இல்லை. ஆனால் "மெயின்டனன்ஸே கிடையாது" என்பது மிகை. பிரேக் பேட் தேயும். சில வண்டிகளில் பெல்ட் உண்டு, சிலவற்றில் கியர் ஆயில் உண்டு. டயர்தான் முக்கியமானது. பேட்டரியின் எடையும், ஆக்சிலரேட்டரைத் திருகியவுடன் பாயும் இழுவிசையும் சேர்ந்து பின்டயரைச் சீக்கிரம் தேய்த்துவிடும். அதோடு வண்டியின் ஆப் முழுதாக வேலைசெய்ய ஆண்டுச் சந்தா கேட்கும் கம்பெனிகளும் இருக்கின்றன. டயர் உட்பட எல்லாம் சேர்த்து 45,000 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் வண்டிக்கு 30,000 ரூபாய், மின்வண்டிக்கு 22,000 ரூபாய் என்பது என் மதிப்பீடு. வித்தியாசம் 8,000. நினைத்த அளவுக்குப் பெரிதில்லை.

அடுத்து எல்லாரும் பயப்படும் பேட்டரி. லித்தியம் பேட்டரி திடீரென்று ஒருநாள் செத்துப்போவது அரிது. அதன் கொள்ளளவு வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். புதிதில் 100 கிலோமீட்டர் ஓடிய வண்டி ஐந்தாம் ஆண்டில் 80 ஓடலாம். இதனால் கிலோமீட்டர் செலவு ஏறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரிதாக ஏறாது. கொள்ளளவு குறைந்த பேட்டரிக்குள் போகும் யூனிட்டும் குறைவு, அதில் ஓடும் தூரமும் குறைவு. மாறுவது எத்தனை நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போடுகிறோம் என்பதுதான். தினம் 30 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 80 கிலோமீட்டர் ரேஞ்ச் தாராளம்.

பேட்டரியை உண்மையில் வதைப்பது வெப்பம். ஏப்ரல், மே வெயிலில் ஓட்டிவந்து, சூடு ஆறுமுன்னே சார்ஜரைச் செருகுவது ஒன்று. முழுக்க ஏற்றிய பேட்டரியோடு வண்டியை நாள்கணக்கில் வெயிலில் நிறுத்திவைப்பது இன்னொன்று. நிழலில் நிறுத்தி, அரைமணி நேரம் ஆறவிட்டு, ராத்திரியில் சார்ஜ் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். ஆனாலும் ஒரு செல் தொகுதியோ கட்டுப்பாட்டு அட்டையோ பழுதாகாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. 3 யூனிட் பேட்டரியை முழுசாக மாற்ற 60 முதல் 80 ஆயிரம் வரை ஆகலாம். சாதாரண வாரண்டி பெரும்பாலும் 3 ஆண்டு. கூடுதல் பணம் கட்டினால் 8 ஆண்டு அல்லது 80,000 கிலோமீட்டர் வரை நீட்டிக்கும் திட்டங்கள் இருக்கின்றன. ஐந்தாண்டுக் கணக்கு போடுபவர் இதை வாங்காமல் இருப்பது சூதாட்டம். நம் ஆளின் செலவில் இதற்கு 7,000 சேர்த்துவிட்டேன்.

இனித்தான் கணக்கில் மிகப் பெரிய தொகை வருகிறது. பல ஒப்பீடுகளில் விட்டுப்போவதும் இதுதான்: வண்டியின் விலைக்கும் ஐந்தாண்டு கழித்து விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி. பெட்ரோல் ஸ்கூட்டர் சாலைக்கு வர 1,00,000 ரூபாய் என்று வைப்போம். இரண்டுநாள் சார்ஜ் தாங்கும் மின் ஸ்கூட்டர் 1,35,000. ஜி.எஸ்.டி. மின்வண்டிக்கு 5 சதவீதம். பெட்ரோல் வண்டிக்கு இருந்த 28 சதவீதம் 2025 செப்டம்பரில் 18 ஆகக் குறைந்தது. அதனால் அந்தப் பக்கம் விலை இறங்கி, இடைவெளி அகன்றிருக்கிறது. மத்திய அரசின் மானியமும் 2023 ஜூனிலிருந்து படிப்படியாகச் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

ஐந்தாண்டு ஓடிய பெட்ரோல் ஸ்கூட்டரை எந்த மெக்கானிக்கும் உதைத்துப் பார்த்து, எஞ்சின் சத்தத்தைக் கேட்டு விலை சொல்வார். 40,000 கிடைக்கும். மின்வண்டியை வாங்க வருபவருக்குப் பேட்டரிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. அந்தத் தயக்கமே விலையைக் குறைக்கிறது. 25,000 என்று எடுத்துக்கொள்கிறேன். வாரண்டி மிச்சம் இருந்து, அது அடுத்த உரிமையாளர் பெயருக்கு மாறும் என்றால் இதைவிடக் கூடுதலாகவே கேட்கலாம். ஆக பெட்ரோல் வண்டியில் கரைந்தது 60,000; மின்வண்டியில் கரைந்தது 1,10,000. முதலில் கூடுதலாகப் போட்ட 35,000-க்கு வட்டி உண்டு. கடனாக இருந்தால் கட்டும் வட்டி, கைக்காசாக இருந்தால் வங்கியில் வராமல் போன வட்டி. வண்டியின் மதிப்பு அதிகம் என்பதால் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போதும் கொஞ்சம் கூடும். இரண்டுக்குமாக 12,000 போட்டுக்கொள்ளலாம்.

கூட்டிப் பார்ப்போம். பெட்ரோல் வண்டி: கரைந்த மதிப்பு 60,000, பெட்ரோல் 1,01,000, பராமரிப்பு 30,000. மொத்தம் 1,91,000. கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 24 பைசா. மின்வண்டி: கரைந்த மதிப்பு 1,10,000, கரண்ட் 19,650, பராமரிப்பு 22,000, நீட்டித்த வாரண்டி 7,000, வட்டியும் இன்சூரன்ஸும் 12,000. மொத்தம் 1,70,650. கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 79 பைசா.

வித்தியாசம் 45 பைசா. ஐந்தாண்டில் 20 ஆயிரம் ரூபாய். அவர் 300 யூனிட் வீட்டில் இருந்தால் 31 ஆயிரம் வரை போகும். மின்வண்டி ஜெயிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஷோரூமில் மனத்தில் ஓடிய "கிலோமீட்டருக்கு 2 ரூபாய்" அளவுக்கு அல்ல.

இந்தக் கணக்கில் ஓட்டத்தை மட்டும் மாற்றினால் முடிவு தலைகீழாகிறது. ரிட்டையர் ஆன ஒருவர். கடைக்கும் கோயிலுக்கும் பேரனின் பள்ளிக்குமாகத் தினம் 10 கிலோமீட்டர் போகிறார். ஐந்தாண்டில் 15,000 கிலோமீட்டர்தான். பெட்ரோலுக்கு 34 ஆயிரம் ஆகும். வண்டி அதிகம் ஓடாவிட்டாலும் காலத்துக்குச் செய்யவேண்டிய சர்வீஸ் உண்டு. அதற்கு 14 ஆயிரம். மதிப்பிழப்பைச் சேர்த்தால் 1,08,000. மின்வண்டியில் அவருக்குக் கரண்ட் செலவு வெறும் 2,820 ரூபாய். கேட்கவே குளிர்ச்சியாக இருக்கிறது. ஆனால் கரைந்த மதிப்பும் வாரண்டியும் வட்டியும் பராமரிப்பும் சேர்ந்து 1,44,000 ஆகிவிடுகிறது. கிலோமீட்டருக்கு அவர் 9 ரூபாய் 60 பைசா கொடுக்கிறார். பெட்ரோலில் 7 ரூபாய் 20 பைசா ஆகியிருக்கும். பணத்தை மட்டும் பார்த்தால் இவருக்கு மின் ஸ்கூட்டர் நட்டம். விலை குறைந்த, சிறிய பேட்டரி மாடல் ஒன்று இவருக்குப் பொருந்தலாம். 1,35,000 கொடுத்துப் பெரிய பேட்டரி வாங்குவது பொருந்தாது.

இரண்டு வண்டிகளும் சமமாகும் இடம் எது? மின்வண்டி 69,000 ரூபாய் பின்னடைவோடு தொடங்குகிறது. மதிப்பிழப்பு, வாரண்டி, வட்டி ஆகியவற்றில் வந்த வித்தியாசம் அது. ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும், வீட்டு மின்பில்லைப் பொறுத்து, 2 ரூபாயிலிருந்து இரண்டேகால் ரூபாய் வரை அது மீட்டெடுக்கிறது. ஆக 31,000-லிருந்து 35,000 கிலோமீட்டருக்குள் சமமாகும். ஐந்தாண்டுக்குப் பிரித்தால் தினம் 21 முதல் 23 கிலோமீட்டர்.

தினம் 70 கிலோமீட்டர் ஓட்டும் உணவு டெலிவரி தம்பிகளுக்கு மின்வண்டி லாபம் என்பதில் சந்தேகமே வேண்டாம். வீட்டுச் சார்ஜில் ஓட்டினால், நடுவில் ஒருமுறை சொந்தக் காசில் பேட்டரி மாற்றினாலும் அவர்கள் கை ஓங்கித்தான் நிற்கும். பொது ஃபாஸ்ட் சார்ஜரையே நம்பி ஓட்டினால் கதை வேறு. அங்கே யூனிட் 20 ரூபாய் ஆனால் கிலோமீட்டருக்கு 80 பைசா. மீட்டெடுக்கும் வேகத்தில் நான்கில் ஒரு பங்குக்குப் பக்கமாகக் குறைந்துவிடும்.

என் தீர்ப்பு இது: தினம் 25 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவர், வீட்டில் சார்ஜ் போட வசதி இருந்தால், மின்வண்டி வாங்கலாம். 20-க்குக் கீழே ஓட்டுபவர், கையில் நல்ல பெட்ரோல் வண்டி இருந்தால், அதை விற்காமல் ஓட்டலாம். நடுவில் இருப்பவர் ஷோரூமுக்குப் போகுமுன் கடைசி ஆறு கரண்ட் பில்லை எடுத்து, எத்தனை தடவை 440 யூனிட்டைத் தாண்டியிருக்கிறது என்று பாருங்கள். கடைக்குப் போனதும் மைலேஜ் கேட்பதற்கு முன் வேறு இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். வாரண்டி முடிந்தபின் புதுப் பேட்டரி என்ன விலை? வண்டியை விற்றால் வாரண்டி வாங்குபவர் பெயருக்கு மாறுமா? இரண்டுக்கும் பதிலை எழுத்தில் தராத கடையில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.